டார்க் ரெஞ்சை ஏன் குறைந்த அளவில் வைக்க வேண்டும், அதை எப்படிச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை முடிந்ததும் ரெஞ்சை ஏன் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள்?

உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்காகத்தான். கிளிக் வகை ரெஞ்சின் குழாய்க்குள் ஒரு கனமான சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. கைப்பிடியைத் திருகும்போது உள்ளே ஒரு மரை நகர்ந்து அந்த ஸ்பிரிங்கை அமுக்குகிறது. ஸ்பிரிங்கின் மறுமுனை சுண்டுவிரல் நகத்தளவே உள்ள ஒரு சின்ன எஃகுக் கட்டையைத் தள்ளிக்கொண்டிருக்கும். கட்டைக்கு அந்தப் பக்கம், ரெஞ்சின் தலையிலிருந்து குழாய்க்குள் நீளும் நெம்புகோலின் வால் இருக்கும். நாம் இழுக்கும் விசை ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மீறும் நொடியில் கட்டை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்போது நெம்புகோலின் வால் குழாயின் சுவரில் போய் மோதும். நம் காதில் விழும் கிளிக் அந்த மோதல்தான்.

ஆக, இந்தக் கருவிக்கு முறுக்குவிசையை அளக்கத் தெரியாது. எத்தனை விசைக்குக் கட்டை சாய வேண்டும் என்று ஸ்பிரிங் சொல்கிறது, அவ்வளவுதான். ஸ்கேலில் நாம் பார்க்கும் எண், ஸ்பிரிங் இவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதற்கான அடையாளம். ஸ்பிரிங்கின் பழைய நீளமும் பழைய பலமும் மாறாமல் இருக்கும்வரைதான் அந்த எண் உண்மை.

எஃகு ஸ்பிரிங்கைப் பலமாக அமுக்கி நீண்ட காலம் அப்படியே வைத்திருந்தால், அமுக்கத்தில் ஒரு சிறு பங்கு திரும்பி வருவதில்லை. விடுவித்த பிறகும் பழைய நீளத்தைவிடக் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிடும். ஸ்பிரிங் 'உட்கார்ந்துவிட்டது' என்று இதைச் சொல்வது வழக்கம். எவ்வளவு அமுக்கம், எத்தனை காலம், எவ்வளவு சூடு, இந்த மூன்றும் சேர்ந்து உட்காரும் அளவைத் தீர்மானிக்கின்றன. நமக்கு எளிதில் கட்டுப்படுவது முதலாவது. வேலை முடிந்ததும் கைப்பிடியைத் திருப்பிக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்தால் ஸ்பிரிங்கின் மேல் சுமையின் பெரும்பகுதி போய்விடும்.

இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கட்டையும் அதைப் பிடித்திருக்கும் பள்ளங்களும் கிரீஸில் நகர வேண்டியவை. பெரிய அழுத்தத்தில் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால், தொடும் இடத்திலிருந்து கிரீஸ் பிதுங்கி வெளியே போய்விடும். அடுத்த முறை எடுக்கும்போது முதல் கிளிக் தாமதமாக, அதாவது வைத்த அளவைவிட அதிகமான டார்க்கில் வரும். உட்கார்ந்த ஸ்பிரிங் அளவைக் குறைக்கும், வறண்ட கட்டை அளவைக் கூட்டும். ஒரே ரெஞ்சில் இரண்டும் சேர்ந்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

ஒரு ராத்திரி மறந்துபோய் 110-லேயே வைத்துவிட்டேன். கெட்டுப்போயிருக்குமா?

இல்லை. நல்ல ரெஞ்சின் ஸ்பிரிங்கைத் தயாரிக்கும்போதே பலமுறை முழுதாக அமுக்கி, ஆரம்பத்தில் உட்கார வேண்டியதை உட்கார வைத்துவிட்டுத்தான் பொருத்துவார்கள். அறை வெப்பநிலையில் ஓர் இரவோ ஒரு வாரமோ அதில் அளக்கத்தக்க மாற்றத்தைக் கொண்டுவருவது கடினம். கவலைப்பட வேண்டியது வழக்கத்தைப் பற்றித்தான். ஒரே வேலைக்கு மட்டும் பயன்படும் ரெஞ்ச் ஒரே எண்ணில் வருடக்கணக்கில் நின்றுவிடும், திருப்பி வைக்க யாருக்கும் தோன்றாது. வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் அது கிடந்தால் சூடும் சேர்ந்துகொள்ளும். எனக்குக் கவலை தருபவை இப்படிப்பட்ட ரெஞ்சுகள்தான்.

குறைந்த அளவு என்றால் பூஜ்ஜியமா? ஸ்பிரிங்கை முழுசாகவே தளர்த்திவிட்டால் இன்னும் நல்லதுதானே?

வேண்டாம். குறைந்த அளவு என்பது ஸ்கேலில் அச்சிட்டிருக்கும் மிகச் சிறிய எண். 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் (இனி நி.மீ.) வரை போகும் ரெஞ்சுக்கு அது 40. அந்த இடத்திலும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியேதான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

கட்டையைப் பள்ளத்தில் நேராக உட்கார வைத்திருப்பது அந்தக் கொஞ்ச அழுத்தம்தான். அதையும் எடுத்துவிட்டால் கட்டை உள்ளே ஆட ஆரம்பிக்கும், பெட்டியைத் தூக்கி வைக்கும் அதிர்விலேயே கோணலாகத் திரும்பிவிடலாம். பிறகு கைப்பிடியைத் திருகி அளவை ஏற்றும்போது அது கோணலாகவே மாட்டிக்கொள்ளும், கிளிக் ஒரு முறைக்கு ஒரு முறை வேறுபடும். சில மாடல்களில் இன்னும் திருகினால் மரையே கழன்று கைப்பிடி கையோடு வந்துவிடும். அதைத் திரும்ப மாட்டலாம். ஆனால் மரையின் எந்தத் தொடக்கத்தில் மாட்டினோம் என்பது மாறிப்போனால் ஸ்கேலும் மாறிவிடும், சோதனைக்கு அனுப்பாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

கீழே இறக்கும்போது விரலில் தெரியும். கைப்பிடி படிப்படியாக இலகுவாகிக்கொண்டே வரும், குறைந்த எண்ணை நெருங்கும்போது ஏறக்குறைய விரல் நுனியால் திருப்பும் அளவுக்கு வந்துவிடும். எண்ணைப் பார்த்து அங்கே நிறுத்துங்கள். தடுப்பு தட்டும்வரை திருகிவிட்டு அதற்கு மேலும் இறுக்குவது தேவையில்லாத வேலை. லாக் இருக்கும் மாடலானால் திருப்புவதற்கு முன் அதை விடுவித்துவிட்டு, நிறுத்தியதும் போடுங்கள்.

எல்லா வகை டார்க் ரெஞ்சுக்கும் இது பொருந்துமா?

சுருள் ஸ்பிரிங்கை அமுக்கி அளவு வைக்கும் கிளிக் வகைக்கு மட்டும். தண்டு வளைந்து முள் காட்டும் பழைய பீம் வகையில் சும்மா இருக்கும்போது எதன்மேலும் சுமை இல்லை. முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். மின்னணு ரெஞ்சில் நாம் வைக்கும் எண் திரையில் இருக்கும் எண் மட்டுமே, அது எந்தப் பாகத்தையும் அமுக்குவதில்லை. நெடுநாள் வைக்கப்போகிறீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கிளிக் சத்தம் போட்டாலும் சுருள் ஸ்பிரிங் இல்லாமல், வளையும் எஃகுத் தண்டை வைத்துச் செய்யும் ரெஞ்சுகளும் உண்டு. இழுக்கும்போது மட்டுமே அந்தத் தண்டு வளையும், அதனால் திருப்பி வைக்க வேண்டியதில்லை என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கும். உங்கள் கையேட்டில் அப்படி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தொழிற்சாலையில் ஒரே அளவுக்குப் பூட்டி வைத்த ஸ்கேல் இல்லாத ரெஞ்சுகளின் ஸ்பிரிங் எப்போதும் அமுங்கியேதான் இருக்கும், வேறு வழியில்லை. அங்கே சோதனையை ஒழுங்காகச் செய்வதுதான் பாதுகாப்பு.

ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்? கிளிக் வந்துகொண்டுதானே இருக்கும்?

கிளிக் வரும், சத்தமும் அதேபோலத்தான் இருக்கும். ஆபத்தே அதில்தான். சீக்கிரம் வரும். நாம் போல்ட் இறுகிவிட்டது என்று நம்பி அடுத்த போல்ட்டுக்குப் போய்விடுவோம்.

எவ்வளவு சீக்கிரம் என்பதை ஒரு ரெஞ்சை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே 40–200 நி.மீ. ரெஞ்ச். கைப்பிடியை ஒரு முழுச் சுற்று திருகினால் 10 நி.மீ. ஏறுகிறது, உள்ளே மரை 1.5 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரெஞ்சின் ஸ்பிரிங் உட்கார்ந்து 1 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல் குட்டையாகிவிட்டது. அது முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஏறத்தாழ 7 நி.மீ.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் குட்டையாகியிருக்கிறது, ஆனால் அதன் விறைப்பு மாறவில்லை. ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கத்துக்கும் அது முன்பு கொடுத்த விசையையே இப்போதும் கொடுக்கிறது. அதனால் ஸ்கேலின் எந்த இடத்திலும் குறைவது அதே 7 நி.மீ.தான். 200-ல் வைத்தால் 193-ல் கிளிக் வரும். 120-ல் வைத்தால் 113-ல். 40-ல் வைத்தால் 33-ல்.

200-ல் அந்த 7 பெரிதாகத் தெரியாது, வழக்கமாக அனுமதிக்கும் எல்லைக்குள் அடங்கிவிடும். 40-ல் அதே 7 ஆறில் ஒரு பங்குக்கு மேல். அதாவது சக்கர நட்டுகளைவிட, அலுமினியத்தில் இறங்கும் சிறிய போல்ட்டுகளும் பிளக்குகளும்தான் அதிகம் ஏமாறும். மேல் அளவில் மட்டும் சோதித்துவிட்டு 'ரெஞ்ச் சரியாக இருக்கிறது' என்று சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

ஆறு மாதமாகப் பெட்டியில் கிடந்த ரெஞ்சை எடுக்கிறேன். நேராக போல்ட்டில் போடலாமா?

முதலில் நடு அளவுக்கு ஏற்றி, வைஸில் பிடித்த ஒரு போல்ட்டில் மாட்டி, நிதானமாக ஐந்தாறு முறை கிளிக் விடுங்கள். கட்டைக்கும் பள்ளத்துக்கும் நடுவே கிரீஸ் திரும்பப் பரவ இது போதும். முதல் ஒன்றிரண்டு கிளிக் கொஞ்சம் இறுக்கமாக, தடித்த சத்தத்தோடு வந்து, பிறகு ஒரே மாதிரி ஆவதைக் கையாலேயே உணரலாம்.

அப்புறம் வேண்டிய எண்ணுக்குப் போகும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏறி நிறுத்துங்கள். 100 வேண்டும், ஆனால் ரெஞ்ச் 130-ல் நிற்கிறது என்றால் 90-க்குக் கீழே இறக்கிவிட்டு, மறுபடி 100-க்கு ஏற்றுங்கள். மரையில் இருக்கும் சிறு இடைவெளி எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதற்காக. ரெஞ்சைச் சோதித்தவரும் அப்படித்தான் ஏற்றியிருப்பார்.

சோதனைக்கூடத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

கைக்கருவி ரெஞ்சுகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6789. 2017-ல் அதை இரண்டு பாகமாகப் பிரித்தார்கள். முதல் பாகம் ரெஞ்ச் அதன் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இரண்டாவது பாகம் முழு அளவுத்திருத்தத்துக்கும், அந்த அளவீட்டில் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்று கணக்கிடுவதற்கும்.

ரெஞ்சின் சதுர முனையை டார்க் உணரியில் பொருத்துகிறார்கள். உணரி திரையோடு இணைந்திருக்கும். கைப்பிடியை ஒரு இழுப்பான் தாங்கி, திருகு மூலம் மெதுவாக நகர்த்தும். கையால் இழுத்தும் செய்யலாம், ஆனால் இழுப்பான் எப்போதும் ஒரே வேகத்தில், கைப்பிடியின் ஒரே புள்ளியில் இழுக்கும். ரெஞ்ச் அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் தொடங்குவார்கள். முதலில் அதிகபட்ச அளவில் ஐந்து முறை கிளிக் விட்டு உள்பாகங்களை இயல்புக்குக் கொண்டுவருவார்கள், அவற்றைப் பதிவில் சேர்ப்பதில்லை.

பிறகு மூன்று இடங்களில் அளப்பார்கள்: அதிகபட்சத்தின் 20, 60, 100 சதவீதம். நம் ரெஞ்சுக்கு அது 40, 120, 200 நி.மீ. கீழிருந்து மேலாகப் போவார்கள். ஸ்கேல் உள்ள கிளிக் ரெஞ்சுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஐந்து அளவுகள். அளவை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, கடைசிப் பகுதியைச் சீராக ஏற்றுவார்கள். வேகமாக இழுத்தால் கட்டை சாய்வதற்குள்ளேயே விசை மேலே போய்விடும், ரெஞ்ச் தாமதமாகக் கிளிக் செய்வதுபோலப் பொய்யாகத் தெரியும்.

திரையில் ஒரு சின்ன விஷயம் முழுச் சோதனையையும் கெடுத்துவிடக்கூடியது. கிளிக் வந்ததும் விசை ஒரு கணம் விழுந்து, கை நிற்காவிட்டால் மறுபடி ஏறும். ஏனென்றால் கட்டை சாய்ந்த பிறகு சில டிகிரிதான் ரெஞ்ச் இலகுவாக நகரும், அதன் பின் அது வெறும் இரும்புத் தண்டுதான். கருவி 'அதிகபட்ச உச்சம்' என்ற நிலையில் இருந்தால் அந்த இரண்டாவது ஏற்றத்தைப் பிடித்துக் காட்டும். கிளிக் நடந்த முதல் உச்சத்தைப் பிடிக்கும் நிலையில் இருந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். ஸ்பிரிங் உட்கார்ந்த ரெஞ்சுக்கு 'சரி' என்று சீட்டு கிடைத்துவிட இந்த ஒரு பட்டன் போதும்.

அறிக்கையில் சதவீதம் போட்டிருக்கிறார்கள். எது தேர்ச்சி, எது தோல்வி?

ஸ்கேல் உள்ள கிளிக் ரெஞ்சுக்கு, அதன் அதிகபட்சம் 10 நி.மீ.க்கு மேல் என்றால் எல்லை இரு பக்கமும் 4 சதவீதம். 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் 6 சதவீதம். சராசரி மட்டும் உள்ளே இருந்தால் போதாது, ஐந்து அளவுகளில் ஒவ்வொன்றும் உள்ளே இருக்க வேண்டும்.

கணக்கில் வைத்த அளவிலிருந்து உண்மை அளவைக் கழித்து, உண்மை அளவால் வகுப்பார்கள். நம் ரெஞ்சில் 120-ல் வைத்த ஐந்து அளவுகள் 113.4, 112.8, 113.1, 112.6, 113.1 என்று வந்தன என்று கொள்வோம். சராசரி 113.0.

(120 − 113) ÷ 113 × 100 = 6.2

4-ஐத் தாண்டிவிட்டது. 40-ல் 33 வந்தால் அதே கணக்கில் 21.2 சதவீதம். 200-ல் 193 வந்தால் 3.6, அந்த ஓர் இடத்தில் மட்டும் தேர்ச்சி. ரெஞ்ச் மொத்தத்தில் தோல்வி.

ஆனால் தேர்ச்சி தோல்வியோடு அறிக்கையை மடித்து வைத்துவிடாதீர்கள். எண்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தால் உள்ளே என்ன கோளாறு என்பதே தெரியும். மூன்று இடங்களிலும் ஏறத்தாழ அதே நி.மீ. குறைவு, ஐந்து அளவுகளும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன என்றால் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன எண்கள் அப்படித்தான் இருக்கின்றன. நி.மீ. வேறுபட்டு, சதவீதம் மட்டும் மூன்று இடங்களிலும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வேறு பக்கம் போகும்: கைப்பிடியில் இழுத்த புள்ளி தவறாக இருக்கலாம், அல்லது தலைக்கு நீட்டிப்பு போட்டு நீளம் மாறியிருக்கலாம். சராசரி சரியாக இருந்து, ஐந்து அளவுகளும் சிதறிக் கிடந்தால், உதாரணமாக 116, 124, 119, 127, 115 என்று வந்தால், கட்டை தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கும் வறண்ட கிரீஸும் சேர்ந்திருக்கிறது. உட்கார்ந்த ஸ்பிரிங்கை அளவுத்திருத்தத்தில் சரிசெய்துவிடலாம். சிதறலை எந்தத் திருகைத் திருப்பினாலும் சரிசெய்ய முடியாது, பிரித்துச் சுத்தம் செய்து தேய்ந்ததை மாற்ற வேண்டும்.

இன்னொன்று. திருத்துவதற்கு முன் வந்த அளவுகளையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள். திருத்திய பிறகு எல்லா ரெஞ்சும் அழகாகத்தான் இருக்கும். போன வருடம் இதை வைத்து இறுக்கிய போல்ட்டுகளின் நிலை என்ன என்பதை முந்தைய அளவுகள் மட்டுமே சொல்லும்.

சோதனைக்கூடத்துக்கு அனுப்பாமல், எடை தொங்கவிட்டு நானே பார்க்கலாமா?

பார்க்கலாம், கவனமாகச் செய்தால் 7 நி.மீ. பிழையை நிச்சயம் பிடித்துவிடலாம். சான்றிதழுக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்க இது போதும்.

ஒரு பெரிய போல்ட்டை வைஸில் படுக்கைவாக்கில், தலை வெளியே இருக்கும்படி கடிக்க வையுங்கள். சாக்கெட்டை மாட்டி, ரெஞ்சை இறுக்கும் திசையில் கீழே இறங்கும்படி படுக்கையாக நீட்டுங்கள். ரெஞ்சை 60 நி.மீ.க்குக் கீழிருந்து ஏற்றி வையுங்கள். சதுர முனையின் நடுவிலிருந்து கைப்பிடியில் கை பிடிக்கும் நடுக்கோடு வரை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி திருகும்போது நகரும், அதனால் 60-ல் வைத்த பிறகே அளக்க வேண்டும். இந்த உதாரணத்தில் 0.40 மீட்டர். அந்தக் கோட்டில்தான் கயிறு தொங்க வேண்டும். தலையிலுள்ள கீல் சதுர முனையிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், பல கிளிக் ரெஞ்சுகளில் பிடிக்கும் இடம் மாறினால் கிளிக்கும் மாறிவிடும்.

பலர் விட்டுவிடும் ஒன்று, ரெஞ்சின் சொந்த எடை. அதுவும் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ரெஞ்சை எடை போடுங்கள், 1.3 கிலோ என்று வையுங்கள். பிறகு அதை விரல்மேல் படுக்கையாக நிறுத்தி எங்கே சமநிலை வருகிறது என்று குறித்து, சதுர முனையிலிருந்து அந்தப் புள்ளிக்கு அளந்துகொள்ளுங்கள், 0.20 மீட்டர்.

ரெஞ்சின் பங்கு: 1.3 × 9.81 × 0.20 = 2.55 நி.மீ.
மீதி வேண்டியது: 60 − 2.55 = 57.45 நி.மீ.
தொங்க வேண்டிய எடை: 57.45 ÷ (9.81 × 0.40) = 14.6 கிலோ

ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி, அடி தரையிலிருந்து ஒரு கையளவு உயரத்தில் நிற்கும்படி தொங்கவிடுங்கள். கிளிக் வந்து கைப்பிடி சரியும்போது வாளி தரையில் உட்கார்ந்துவிடும், யார் காலிலும் விழாது. இப்போது வாளியில் தண்ணீரை ஊற்றுங்கள். முதலில் வேகமாக, 12 கிலோவை நெருங்கியதும் டம்ளர் டம்ளராக. வாளி ஆடக் கூடாது, ஆட்டம் அடங்கக் கொஞ்சம் பொறுங்கள். கிளிக் வந்ததும் நிறுத்தி, கயிற்றோடு வாளியை எடை போடுங்கள்.

14.6-க்கு இரு பக்கமும் அரை கிலோவுக்குள் வந்தால் ரெஞ்ச் நல்ல நிலையில்தான் இருக்கிறது. நம் உட்கார்ந்த ஸ்பிரிங்கில் என்ன வரும் தெரியுமா? சுமார் 12.9 கிலோவிலேயே கிளிக் வந்துவிடும். 12.9 × 9.81 × 0.40 கணக்கிட்டால் 50.6, ரெஞ்சின் 2.55 சேர்த்தால் 53.2 நி.மீ. 60-க்கு வைத்தது 53-ல் வந்துவிட்டது, அதே 7 குறைவு.

முதல் கிளிக்கைக் கணக்கில் எடுக்காமல், நான்கைந்து முறை திரும்பச் செய்யுங்கள். நீளத்தில் 4 மில்லிமீட்டர் தவறினால் பிழை 1 சதவீதம். கிளிக் வரும் நேரத்தில் ரெஞ்ச் படுக்கை நிலையிலிருந்து 10 டிகிரி சரிந்திருந்தால் 1.5 சதவீதம். இந்த இரண்டையும் கவனித்தால் முடிவை நம்பலாம். முடிந்தால் 40-லும் ஒரு முறை பாருங்கள், அங்கே குறை இன்னும் தெளிவாகத் தெரியும்.

நண்பரின் ரெஞ்சால் இறுக்கிய போல்ட்டில் என் ரெஞ்சை வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. இறுகி நிற்கும் போல்ட் மறுபடி நகர, நகர்ந்துகொண்டிருக்கும் போல்ட்டைவிட அதிக விசை கேட்கும். உங்கள் ரெஞ்ச் 10 சதவீதம் குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும், இரண்டிலும் போல்ட் அசையாமல் கிளிக் மட்டும் வந்துவிடலாம். இரண்டு ரெஞ்சுகளின் தலைகளையும் இணைப்பான் வைத்துக் கோர்த்து எதிரெதிராக இழுத்தால் எது முன்னால் கிளிக் செய்கிறது என்று தெரியும். இரண்டில் எது பொய் சொல்கிறது என்று தெரியாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும்?

ஐஎஸ்ஓ 6789 சொல்லும் பொதுவான இடைவெளி 12 மாதம் அல்லது 5000 இழுப்பு, எது முதலில் வருகிறதோ அது. கீழே விழுந்தாலோ, அதிகபட்ச அளவைத் தாண்டி இழுத்துவிட்டாலோ, இறுகிய போல்ட்டைக் கழற்ற யாராவது பயன்படுத்திவிட்டாலோ தேதியைப் பார்க்காமல் உடனே சோதியுங்கள். வருடக்கணக்கில் உயர்ந்த எண்ணிலேயே கிடந்த ரெஞ்ச் உங்கள் கைக்கு வந்தால், அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைவாகக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டது. நானே திருகிச் சரிசெய்துவிடலாமா?

பெரும்பாலான கிளிக் ரெஞ்சுகளில் கைப்பிடியின் கடைசி மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பூட்டு நட்டும் ஒரு திருகும் இருக்கும். திருகு ஸ்பிரிங்கின் ஆரம்ப அமுக்கத்தை மாற்றும், ஸ்கேலைத் தொடாது. ஸ்பிரிங் இழந்த அந்த 1 மில்லிமீட்டரை இந்தத் திருகு திருப்பிக் கொடுத்தால் 40, 120, 200 மூன்றும் ஒன்றாக மேலே வரும், ஏனென்றால் மூன்றிலும் குறைந்தது அதே 7.

ஆனால் வாளித் தண்ணீரை நம்பி இதைத் திருப்பாதீர்கள். தொங்கவிட்ட எடையின் பிழையே ஓரிரு சதவீதம் இருக்கும், அந்தப் பிழையை ரெஞ்சுக்குள் நிரந்தரமாகப் பூட்டிவிடுவீர்கள். டார்க் உணரி இருப்பவரிடம் கொடுங்கள், அல்லது உணரி கையில் இருந்தால் மட்டும் தொடுங்கள். தொடுவதாக இருந்தால், பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்த்தி, நட்டை இறுக்கி, ஐந்து முறை கிளிக் விட்டுவிட்டு, 40-ல் தொடங்கி மூன்று இடங்களையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போதே அளவு கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கிய பிறகு எடுத்த அளவு மட்டுமே கணக்கு. 40-ல் சரிசெய்ததும் 200-ல் எல்லையைத் தாண்டிப் போகிறது என்றால் கோளாறு ஸ்பிரிங்கின் நீளத்தில் இல்லை, திருகை இருந்த இடத்துக்கே கொண்டுவந்துவிட்டுப் பிரித்துப் பார்க்கக் கொடுங்கள்.